ஒருவழி அறிவிப்புக்குக் குழுவா, கம்யூனிட்டியா, சேனலா?

கேள்வி: "ஈசூனில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் தொண்டூழியர்கள் நாங்கள். ஏறத்தாழ 200 பெற்றோர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். 'இன்று வகுப்பு இல்லை' என்று போட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் 'சரி', 'நன்றி' என்ற பதில்களுக்கு அடியில் அது போய்விடுகிறது. குழுவில் தம் எண்ணைப் பார்த்து யாரோ அழைத்ததாக ஒரு தாயார் வருத்தப்பட்டார். நாங்கள் சொல்வதை மட்டும் அவர்கள் பெற வேண்டும். குழுவை மாற்ற வேண்டுமா, சேனல் தொடங்க வேண்டுமா, கம்யூனிட்டி என்கிறார்களே, அதுவா?"

பதில்: உங்களுக்குப் பொருந்துவது கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு. உங்களிடம் இருப்பவை உண்மையில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். பதில்கள் குவிவது ஒன்று, எண்கள் எல்லாருக்கும் தெரிவது மற்றொன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவெடுப்பதால்தான் பல அமைப்புகள் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகின்றன.

முதல் சிக்கலுக்கு மட்டும் என்றால், இப்போதுள்ள குழுவே போதும். குழுவின் பெயரைத் தட்டி, `Group permissions` பகுதிக்குள் சென்று, உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் அனுமதியை (`Send new messages`) அணைத்துவிட்டால், அதன்பின் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம் என்பதால் 200 குடும்பங்களுக்கு இடமும் தாராளமாக உண்டு. ஆனால் இந்த மாற்றம் வாயைத்தான் மூடுகிறது, உறுப்பினர் பட்டியலை மூடுவதில்லை. குழுவில் சேர்ந்த எவரும் அந்தப் பட்டியலைத் திறந்து மற்றவர்களின் எண்களை முன்போலவே பார்க்கலாம். அந்தத் தாயாரின் வருத்தத்துக்கு இது தீர்வு ஆகாது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி தொலைபேசி எண்ணும் தனிநபர் தகவல்தான். பிள்ளையைச் சேர்க்கும் படிவத்தில் பெற்றோர் எண்ணைத் தந்தது வகுப்பு தொடர்பான செய்திகளுக்காகத்தான். அது மற்ற 199 குடும்பங்களிடமும் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் ஒப்புதல் தந்ததாகக் கொள்ள முடியாது.

சேனல் இதற்கு நேர்மாறானது. 2023 ஜூன் மாதம் வாட்ஸ்அப் இந்த வசதியை முதன்முதலில் அறிமுகப்படுத்திய இரண்டு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று (மற்றது கொலம்பியா). அதனால் இங்கே பலர் ஏற்கெனவே ஏதாவது ஒரு சேனலைப் பின்தொடர்கிறார்கள். பின்தொடர்வோர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, நிர்வாகியின் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. தனியுரிமைக்கு இதைவிட நல்லது இல்லைதான். இருந்தும் உங்கள் தேவைக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. சேனல் செய்திகள் அரட்டைப் பட்டியலில் வருவதில்லை. அவை `Updates` பக்கத்தில் இருக்கும். பின்தொடரும்போது ஒலி அறிவிப்பு இயல்பாகவே அணைந்திருக்கும், அவரவரே மணிப் படத்தைத் தட்டி அதை இயக்கிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பயிற்றுநர் உடல்நலமின்றி வர முடியாமல் போய், ஒன்பதரை வகுப்பை ரத்து செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேனலில் போட்ட அந்தச் செய்தியை ஒரு தகப்பனார் மதிய உணவுக்குப் பின்தான் பார்ப்பார். அதற்குள் பிள்ளையை அழைத்துக்கொண்டு சமூக மன்றத்தின் வாசலுக்கே வந்து திரும்பியிருப்பார். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று பெயர் பெயராக அறியவும் வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. குழுவிலும் கம்யூனிட்டியிலும் போகும் செய்திகள், அனுப்பியவரும் பெற்றவர்களும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி முனைக்கு முனை மறையாக்கம் பெறுகின்றன. சேனல் செய்திகளுக்கு அது இல்லை, அவை வாட்ஸ்அப்பின் சேவையகத்தில் 30 நாள்வரை இருக்கும். இணைப்பு கையில் கிடைத்த எவரும் பின்தொடரலாம். எந்தப் பிள்ளை எந்த அறையில், எத்தனை மணிக்கு என்ற விவரம் போகும் இடமாக அதைக் கொள்ளக்கூடாது. உங்கள் பொங்கல் விழாவுக்குப் பொதுமக்களை அழைக்கவோ அடுத்த ஆண்டுச் சேர்க்கையை அறிவிக்கவோ சேனல் மிக நன்று.

கம்யூனிட்டி என்பது பல குழுக்களை ஒரே கூரையின்கீழ் வைக்கும் ஏற்பாடு. அதைத் தொடங்கும்போதே `Announcements` என்ற அறிவிப்புக் குழு தானாக உருவாகும், நிர்வாகிகள் மட்டுமே அதில் புதுச் செய்தி இட முடியும். அது அரட்டைப் பட்டியலிலேயே வரும், ஒலியும் எழுப்பும். உறுப்பினரின் எண் நிர்வாகிகளுக்கும், அவரைத் தம் தொலைபேசியில் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். 2024 முதல் அறிவிப்புக்குக் கீழே உறுப்பினர்கள் பதிலும் எழுதலாம். ஆனால் பதில்கள் ஒன்றாகச் சுருங்கி அந்த அறிவிப்போடு ஒட்டியிருக்கும், அடுத்த அறிவிப்பை மறைக்காது. "நன்றி" சொல்ல விரும்பும் பெற்றோரின் மனமும் நோகாது, செய்தியும் மறையாது.

உங்கள் நிலையில் மிகக் கவனம் வேண்டிய இடம், பழைய குழுவை என்ன செய்வது என்பதே. அதை அப்படியே கம்யூனிட்டிக்குள் சேர்த்தால் 200 பேரும் ஒரே நொடியில் அறிவிப்புக் குழுவுக்கு வந்துவிடுவார்கள். வசதிதான். ஆனால் பழைய குழு உள்ளே உயிரோடு இருக்கும், அதில் எண்கள் முன்போலவே தெரியும். கம்யூனிட்டிக்குள் வந்துவிட்டால் எல்லாக் குழுக்களிலும் எண் மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மறைவது அறிவிப்புக் குழுவில் மட்டுமே. ஆகையால் பழைய குழுவைச் சேர்க்காதீர்கள். புதிய கம்யூனிட்டியைத் தொடங்கி, அதன் அழைப்பு இணைப்பைப் பழைய குழுவில் இட்டு, அவரவரே சேரட்டும் என்று இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். சேராதவர்களுக்குத் தனியே நினைவூட்டிவிட்டு, பிறகு பழைய குழுவை மூடுங்கள். தொடங்கியவுடன் `General` என்ற பொது அரட்டைக் குழுவும் உள்ளே தோன்றினால், அதையும் நீக்கிவிடுங்கள். அதுவும் எண்கள் தெரியும் சாதாரணக் குழுதான். குழுக்களைச் சேர்க்கும் உரிமையையும் நிர்வாகிகளுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டூழியர்களுக்குத் தனிக் குழு ஒன்றை உள்ளே வைக்கலாம், அவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் அறிந்தவர்கள்தானே. பெற்றோருக்கு வகுப்புவாரியாக அரட்டைக் குழு வேண்டுமென்று யாராவது கேட்டால், விரும்புவோர் மட்டும் தாமே சேரும்படி விடுங்கள். அத்தகைய குழுவிலிருந்து ஒருவர் விலகினாலும் கம்யூனிட்டியில் நீடிப்பார், அறிவிப்புகள் தவறாது. கம்யூனிட்டியிலிருந்தே விலகினால் எல்லாமே போய்விடும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நிர்வாகிகளின் எண் மட்டும் உறுப்பினர் அனைவருக்கும் தெரியும். தொண்டூழியர் ஒருவரின் சொந்த எண்ணுக்குப் பதிலாக, அமைப்பின் வேலைக்கென்றே தனியாக ஒரு சிம் அட்டை வாங்கி, அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே நான் சொல்லும் வழி. அதோடு குறைந்தது இன்னொருவரையும் நிர்வாகியாக்குங்கள். ஒரே நிர்வாகியின் தொலைபேசி பழுதானால், அந்தச் சனிக்கிழமை யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்ததும், பெற்றோருள் ஒருவரின் எண்ணைச் சேமித்து வைக்காத வேறொரு பெற்றோரின் தொலைபேசியை வாங்கி, அறிவிப்புக் குழுவின் தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே முன்னவரின் எண் தெரியவில்லை என்றால் ஏற்பாடு சரி. தெரிந்தால், நீங்கள் திறந்திருப்பது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சாதாரணக் குழு.