இரும்பு பீனாந்திரோலின் சிக்கலின் மூலர் உறிஞ்சுதிறன்: அறிக்கையின் அறிமுகத்தில் என்ன வரவேண்டும்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் முதலாம் வருட இரசாயனவியல் படிக்கிறேன். இரும்பு(II) பீனாந்திரோலின் செம்மஞ்சள் சிக்கலின் மூலர் உறிஞ்சுதிறனைக் காணும் பிராக்டிகலுக்கு அறிமுகம் எழுத வேண்டும். பீர் லம்பேட் விதியின் மட்டுப்பாடுகளையும் சேர்க்கச் சொல்கிறார்கள். எதில் தொடங்கி எதை எழுதுவது?

சிக்கலில் தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தில் சில வருடங்கள் இதே பிராக்டிகலுக்கு அறிக்கை திருத்தியிருக்கிறேன். பெரும்பாலானவை 1729இல் பூகே, 1760இல் லம்பேட், 1852இல் பீர் என்று வரலாற்றில் தொடங்கி, எந்தப் பரிசோதனைக்கும் ஒட்டக்கூடிய ஒரு மட்டுப்பாட்டுப் பட்டியலில் முடியும். வரலாற்றுக்கு ஒரு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் உங்கள் அறிமுகம் சொல்லவேண்டியது ஒன்றுதான்: இந்தக் கரைசலில், இந்தச் செறிவு வீச்சில், ஒரு நேர்கோட்டின் படித்திறனை ஏன் நம்பலாம்?

இரும்பு(II) அயன் மூன்று பீனாந்திரோலின் மூலக்கூறுகளுடன் சேர்ந்து [Fe(phen)₃]²⁺ ஆகிறது. இரும்பிலிருந்து ஓர் இலத்திரன், அதைப் பிடித்திருக்கும் ஈனியான பீனாந்திரோலினுக்குப் போகும் ஏற்ற இடமாற்றத்தால்தான் இந்த நிறம் வருகிறது. அதனால்தான் 510 nm அருகே மூலர் உறிஞ்சுதிறன் ε-க்கு ஏறக்குறைய 11,100 L mol⁻¹ cm⁻¹ என்ற பெரிய பெறுமானம். செப்பு சல்பேற்றுக் கரைசலின் நீலம் d–d நிலைமாற்றத்தால் வருவது. அதன் ε பத்தை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஒப்பீட்டை அறிமுகத்தில் கட்டாயம் வையுங்கள். எவ்வளவு ஐதான கரைசல் தேவை என்பது இதிலிருந்துதான் வருகிறது.

அடுத்தது பீர் லம்பேட் விதி, A = εbc. b என்பது கியுவெட்டின் 1 cm. A-ஐ c-க்கு எதிராக வரைந்தால் படித்திறன் εb. இங்கேயே உங்கள் கரைசல்களின் எண்களையும் போட்டுவிடுங்கள். உதாரணமாக 0.0702 g அமோனியம் இரும்பு(II) சல்பேற்று அறுநீரேற்றை, சிறிதளவு சல்பூரிக்கமிலம் சேர்த்து, 1 L-க்கு ஆக்கினால் இரும்பின் செறிவு 1.79 × 10⁻⁴ mol L⁻¹. இதில் 5, 10, 15, 20, 25 mL எடுத்து ஒவ்வொன்றையும் 50 mL கனமானக் குடுவையில் நிரப்பினால் எதிர்பார்க்கும் உறிஞ்சல் 0.20, 0.40, 0.60, 0.79, 0.99. ஏன் இந்தக் கனவளவுகளைத் தெரிந்தீர்கள் என்பதற்கு இந்த ஒரு வரியே பதில்.

இனி மட்டுப்பாடுகள். எல்லா அறிக்கைகளிலும் முதலில் வருவது, “0.01 mol L⁻¹-க்கு மேல் துணிக்கைகள் ஒன்றையொன்று பாதிப்பதால் விதி பொருந்தாது” என்ற வசனம். அது உண்மைதான். ஆனால் இந்தச் சிக்கலை அந்தச் செறிவில் வைத்தால் உறிஞ்சல் 111 ஆகிவிடும். எந்தக் கருவியாலும் அதை அளக்க முடியாது. அந்த எல்லைக்கு நூறு மடங்கு கீழே நிற்கும்போது அதற்குப் பந்தி ஒதுக்குவதில் பயனில்லை. எங்களைத் தொடாது என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

உண்மையில் தொடுவது இரண்டு. ஒன்று கருவியில் இருக்கிறது. ஸ்பெக்ரோபோட்டோமீற்றரில் தெரிந்தெடுத்த அலைநீளம் தவிர வேறு ஒளியும் கொஞ்சம் உணரியை அடையும். கரைசல் எவ்வளவு கறுத்தாலும் அது குறையாது. அந்த வழிதவறிய ஒளி 0.5% என்று வையுங்கள். உண்மையான உறிஞ்சல் 0.50 என்றால் கருவி 0.495 காட்டும், வேறுபாடு தெரியாது. 1.00 என்றால் 0.98. 2.00 என்றால் 1.83தான். கோடு மேலே போகப்போகக் கீழ்நோக்கி வளையும். அதன் படித்திறனை எடுத்தால் ε குறைவாக வரும். வீச்சை 1.0 அளவில் நிறுத்துவதன் காரணம் இதுதான். 510 nm-ஐத் தெரிவதற்கும் கருவிதான் காரணம்: உறிஞ்சலை அலைநீளத்துக்கு எதிராக வரைந்த வளையியின் உச்சி அங்கே தட்டையானது, அதனால் துளை விடும் சில நானோமீற்றர் பட்டைக்குள் ε பெரிதாக மாறாது. சரிவில் நின்று அளந்தால் ஒரே கற்றைக்குள் பல ε கலந்துவிடும்.

மற்றது இரசாயனத்தில். விதியில் வரும் c என்பது சிக்கலின் செறிவு. நீங்கள் வரைபில் போடுவதோ மொத்த இரும்பின் செறிவு. இரண்டும் சமம் என்று எடுக்க, இரும்பு முழுவதும் (II) நிலையில் இருக்கவேண்டும், அதற்குத்தான் ஐதரொட்சிலமீன். அமிலம் மிஞ்சினால் பீனாந்திரோலின் புரோத்தனை ஏற்றுக்கொண்டு இரும்பைப் பிடிக்காது. அதற்குத்தான் அசற்றேற்றுத் தாங்கற் கரைசல். ஈனியும் போதியளவு வேண்டும். 25 mL எடுத்து ஊற்றிய குடுவையில் 4.48 µmol இரும்பு இருக்கிறது, அதற்கு மூன்று மடங்கு, அதாவது 13.4 µmol பீனாந்திரோலின் தேவை. 0.1% கரைசலில் 1 mL-க்கு ஏறக்குறைய 5 µmol. 5 mL ஊற்றினால் தாராளம். 2 mL மட்டும் ஊற்றினால் 10 µmol. 19 mL அளவிலேயே ஈனி முடிந்துவிடும், கடைசி இரண்டு புள்ளிகளும் ஏறாமல் ஒரே மட்டத்தில் நிற்கும்.

ஆக, கருவியின் குறையும் இரசாயனக் குறையும் கோட்டின் மேல் முனையைக் கீழே இழுக்கின்றன. எது என்று எப்படி அறிவது? ஒவ்வொரு கரைசலையும் 510-இல் அளந்த கையோடு 550 nm-இலும் அளவுங்கள். அங்கே உறிஞ்சல் கணிசமாகக் குறைவு, ஆகவே கருவி சிரமப்படாது. குறை ஈனியில் என்றால் சிக்கலே குறைவாக இருக்கிறது. இரண்டு அலைநீளத்திலும் ஒரே வீதத்தில் குறையும், அவற்றின் விகிதம் எல்லாக் குடுவைக்கும் மாறாது. குறை வழிதவறிய ஒளியில் என்றால் 510-இன் வாசிப்பு மட்டும் அதிகமாக அமுங்கும், செறிவு கூடக்கூட விகிதம் சரியும். இதைச் செய்யப்போகிறீர்கள் என்று அறிமுகத்தில் எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் விதியை விளங்கியது தெரியும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயமும் உண்டு. கியுவெட்டைக் கிணற்றுநீரில் அலசிக் காயவிட்டால், சுண்ணக்கல் நிலத்து வன்னீர் கண்ணாடியில் வெண்படிவை விடும். அது ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதையும் உறிஞ்சல் என்றே எண்ணும். வெற்றுக் கரைசலுக்குச் சுத்தமான கியுவெட்டும் மாதிரிக்குப் படிந்த கியுவெட்டும் பயன்படுத்தினால் கோடு முழுவதும் மேலே நகரும், பூச்சியத்தில் வெட்டாது. அதனால் கோட்டைப் பலவந்தமாக உற்பத்தியூடாக வரையாதீர்கள். வெட்டுத்துண்டை அப்படியே அறிக்கையிடுங்கள். படித்திறன் அதனால் கெடாது.

கடைசிப் பந்தியை ஏறக்குறைய இப்படி முடிக்கலாம்:

“இப்பரிசோதனையில் 1.8 × 10⁻⁵ முதல் 9.0 × 10⁻⁵ mol L⁻¹ வரையான ஐந்து கரைசல்களின் உறிஞ்சல் 510 nm-இல் அளக்கப்பட்டு, படித்திறனிலிருந்து ε பெறப்படும். இவ்வீச்சில் துணிக்கைகளுக்கிடையிலான தாக்கம் புறக்கணிக்கத்தக்கது. நேர்கோட்டிலிருந்து விலகல் காணப்பட்டால், 550 nm வாசிப்புடனான விகிதத்தைக் கொண்டு அது கருவியாலா முழுமையற்ற சிக்கலாக்கத்தாலா என்று தீர்மானிக்கப்படும்.”