முத்துப் போன்ற பருக்கள்: எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: என் 5 வயது மகளுக்கு அக்குளில் முத்து மாதிரி மூன்று சின்னப் பருக்கள் வந்தன, நடுவில் குழியோடு. இரண்டு மாதத்தில் விலாவிலும் மேல்கையிலும் பரவி இருபது ஆகிவிட்டன. இப்போது இரண்டு மட்டும் சிவந்து வீங்கியிருக்கின்றன. டாக்டர், இது மொலஸ்கம் என்ற வைரஸ் தோல் தொற்று, தானாகப் போய்விடும் என்கிறார். எடுத்துவிட்டால் என்ன?

பதில்: அக்குளில் தொடங்கியது விலாவுக்கும் மேல்கைக்கும் போனதற்குக் காரணம், அந்த இரண்டு இடமும் அதோடு உரசிக்கொண்டே இருப்பதுதான். பருவுக்குள் இருக்கும் வெள்ளையான, மெழுகு போன்ற கருவில் வைரஸ் நிறைந்திருக்கும். சொறியும்போது அது நகத்தில் ஒட்டி அடுத்த இடத்துக்குப் போகிறது. நகம் கீறிய கோட்டிலேயே பருக்கள் வரிசையாக முளைப்பதும் உண்டு.

இந்த வைரஸ் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும், ரத்தத்தில் கலப்பதில்லை. அதனால் உடலின் எதிர்ப்புச் சக்தி இதைக் கண்டுகொள்ளவே மாதக்கணக்கில் ஆகலாம். கண்டுகொண்டதும் பரு சிவந்து, வீங்கி, அரிக்கும்; பிறகு அமுங்கிவிடும். உங்கள் மகளுக்குச் சிவந்திருக்கும் அந்த இரண்டும் பெரும்பாலும் போகப்போகிறவை. பயந்துபோய் ஆன்டிபயாடிக் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான் அதிகம் நடக்கிறது. சிவப்பு பருவைத் தாண்டி நாளுக்கு நாள் பரவினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது வேறு கதை, அன்றே காட்டுங்கள்.

எடுக்க வழிகள் இருக்கின்றன: சுரண்டுவது, உறையவைப்பது, கொப்புளம் உண்டாக்கும் கேந்தரிடின் மருந்தைக் கிளினிக்கில் வைத்துத் தடவுவது. ஆனால் சுரண்டினாலும் உறையவைத்தாலும் கண்ணுக்குத் தெரியும் பருதான் போகும். வைரஸ் ஒட்டியதிலிருந்து பரு தெரிய பொதுவாக 2 முதல் 7 வாரம் ஆகும் என்பதால், இன்று இருபதையும் எடுத்தாலும் அடுத்த மாதம் புதிதாக ஐந்தாறு தலைகாட்டலாம். ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு வலி, சில நேரம் தழும்பு, மாநிறத் தோலில் வெளுத்த அல்லது கறுத்த தடம். தானாகப் போகும் பரு அநேகமாகத் தழும்பு விடுவதில்லை. அதனால்தான் டாக்டர்கள் அவசரப்படுவதில்லை. முழுதாக அடங்க 6 முதல் 18 மாதம் ஆகலாம், சிலருக்கு இன்னும் கூடும். வீட்டில் கிள்ளிப் பிதுக்குவது மட்டும் கூடவே கூடாது. தழும்பும் கிருமித்தொற்றும் அதில்தான் வரும்.

அதுவரை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். துண்டு, குளியல் ஸ்பாஞ்சு தனியாக இருக்கட்டும். உடன்பிறந்தவர்களோடு ஒரே தொட்டியில் குளிக்க வேண்டாம். உரசும் இடத்தைத் துணியோ பிளாஸ்டரோ மூடியிருந்தால் போதும், பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. தோல் வறண்டு எக்ஸிமா இருந்தால் அதைக் கவனிப்பதே முதல் வேலை, ஏனென்றால் அரிப்புதான் இதைப் பரப்புகிறது. தினமும் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எக்ஸிமாவுக்கு ஸ்டீராய்டு க்ரீம் எழுதியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கண் இமையில் பரு வந்தால் காத்திருக்க வேண்டாம். கண் சிவந்து உறுத்தும், கண் டாக்டர் பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கும், பரு மிகப் பெரிதாக வளர்ந்தாலும் இதே விதிதான். அரிப்பால் தூக்கம் கெடுகிறது, மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்றால் அதுவும் எடுத்துவிடக் கேட்பதற்குப் போதுமான காரணமே.