பேட்டைக் காணி கைமாறும்போது: குத்தகை, சம்மதம், பாவனை மாற்றம் (கேள்வி பதில்)

கைத்தொழில் பேட்டைக் காணிகளின் கோப்புகளைப் பார்த்தே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போனது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை எழுதியவர்களின் வார்த்தையிலேயே போட்டுப் பதில் சொல்கிறேன். காணியைத் தந்தது கைத்தொழில் அபிவிருத்தி சபையா, முதலீட்டுச் சபையா, நகர அபிவிருத்தி அதிகார சபையா என்பதைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும். ஆகவே பதிலை வாசிக்கும்போது உங்கள் குத்தகை உறுதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்முனையிலிருந்து: சேர், பேட்டைக்குள்ள 60 பேர்ச் காணியும் ஷெட்டும் விலைக்கு வருது. 30 வருசக் குத்தகையில 13 வருசம் போயிட்டுது. ஒரு கோடியே 40 இலட்சம் கேக்கிறார். நொத்தாரிசிட்ட போய் உறுதி எழுதினாப் போதுமாம். வாங்கலாமா?

உறுதி எழுதினால் மட்டும் போதாது. அவரிடம் விற்பதற்குக் காணி இல்லை. கட்டடமும் மிச்சமுள்ள 17 வருட அனுபவ உரிமையும்தான் இருக்கின்றன. அதைக் கூடக் காணியைத் தந்த சபையின் எழுத்து மூலச் சம்மதத்தை முன்கூட்டியே எடுத்தால்தான் கைமாற்றலாம். சம்மதம் இல்லாமலும் நொத்தாரிசு உறுதி எழுதக்கூடும், காணிப் பதிவகத்தில் அது பதியப்படவும் கூடும். ஆனால் பதிவு அந்தக் குறையைத் தீர்க்காது. உங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கடதாசி இருக்கும், அவ்வளவுதான். சபையின் பார்வையில் நீங்கள் அனுமதியில்லாமல் உள்ளே இருப்பவர். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் நடவடிக்கை வந்தால், வெளியேறச் சொல்லும் அறிவித்தலில் 30 நாள் அவகாசம் தருவார்கள். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே நீங்கள் காட்டக்கூடிய ஒரே காரணம், செல்லுபடியான அனுமதிப் பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ கையில் இருப்பதுதான். கொடுத்த பணத்தின் கதையை அங்கே சொல்ல இடமில்லை.

சரி, எப்படிப் போவது? முதலில் குத்தகை உறுதியின் மூலப்பிரதியையும் கடைசியாக வாடகை கட்டிய பற்றுச்சீட்டையும் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு நாலு வருடம் பழையதென்றால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அடுத்து காணிப் பதிவகத்தில் அந்த உறுதி பதிந்த பக்கத்தைப் பாருங்கள். வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் அங்கே தெரியும். வங்கி விடுவிக்காமல் சபை கோப்பைத் தொடாது.

அதன் பிறகு விற்பவரையும் கூட்டிக்கொண்டு சபை அலுவலகத்துக்குப் போங்கள். தனியே போனால் மூன்றாம் ஆளுக்குக் கோப்பு விபரம் சொல்ல மாட்டார்கள். நிலுவை வாடகை, தண்டம், வேறு ஏதாவது அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் கடிதமாக வாங்குங்கள். அனுமதித்த கட்டட வரைபடத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். ஷெட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து இறக்கிய இன்னொரு கொட்டில் வரைபடத்தில் இருக்காது. களப் பரிசோதனைக்கு வரும் அலுவலர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதை ஒழுங்குபடுத்து அல்லது உடை என்று எழுதிவிட்டால், கைமாற்று விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இவ்வளவும் சரியென்றால் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். சபை உங்களைப் புதிதாகக் காணி கேட்டு வந்தவர் போலத்தான் எடைபோடும். என்ன உற்பத்தி, என்ன இயந்திரம், எத்தனை பேருக்கு வேலை, பணம் எங்கிருந்து, கழிவு நீர் எங்கே போகும் என்று கேட்கும். சம்மதக் கடிதம் வந்தால், அது பழைய குத்தகையின் மிச்சக் காலத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவதா, அல்லது அவர் ஒப்படைத்துவிட்டு உங்களுக்குப் புதுக் குத்தகை தருவதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவதில் உங்களுக்கு 17 வருடம்தான். இரண்டாவதில் காலம் நீளலாம், ஆனால் வாடகை புதிய மதிப்பீட்டில் வரும்.

விலையையும் போட்டுப் பார்ப்போம். நாலு வருட நிலுவை 8 இலட்சம், தண்டமும் கைமாற்றுக் கட்டணமும் 8 இலட்சம் என்று வைத்தால் மொத்தம் ஒரு கோடியே 56 இலட்சம். 17ஆல் பிரித்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 9 இலட்சத்து 20 ஆயிரம். இதற்கு மேல் சபைக்கு வருட வாடகை 2 இலட்சம். ஆக வருடத்துக்கு 11 இலட்சத்துக்கு மேல். உங்கள் ஊரில் அதே அளவு ஷெட் மாதம் 50 ஆயிரத்துக்கு வாடகைக்குக் கிடைத்தால் வருடத்துக்கு 6 இலட்சம்தான். கட்டணங்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உண்மைத் தொகையை வைத்து இதே கணக்கைச் செய்யுங்கள். இந்தக் கணக்கோடு போனால் பேரம் பேசலாம். முற்பணம் கொடுப்பதென்றால், சம்மதம் மறுக்கப்பட்டால் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதி, சட்டத்தரணியின் கையில் வைத்துக் கொடுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து: ஐயா இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை. பத்து வருசம் தொடர்ந்து இருந்தாக் காணி இருப்பவருக்குத்தான். எங்கட ஊரில வழக்கில வென்றவங்க இருக்காங்க.

வென்றிருப்பார்கள், தனியார் காணியில். ஆட்சியுரிமைச் சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பத்து வருடம் என்பதும் சரிதான். ஆனால் உரிமையாளருக்கு எதிராக, அவரை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். பேட்டைக்குள் வந்தவர் அனுமதியோடு வந்தவர். ஒவ்வொரு வருடமும் வாடகை கட்டும்போது, காணி உங்களுடையதுதான் என்று சபையிடம் தானே எழுதிக் கொடுக்கிறார். அரசுக்கு எதிராக அந்தச் சட்டம் வேலை செய்வதுமில்லை. இதை நம்பி வாடகையை நிறுத்தியவர்கள் குத்தகையைத்தான் இழந்தார்கள்.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணன், ஐஸ் அடிக்கத்தான் காணி எடுத்தம். மின் கட்டணம் ஏறினதோட ஐஸ் ஓடேல்ல. ரோட்டுப் பக்கம் என்டபடியா முன்னுக்கு ஒரு கல்யாண மண்டபம் போட்டு, பின்னுக்கு நெல் மூட்டை அடுக்க வாடகைக்குக் குடுக்கலாமா? சும்மா பூட்டிக் கிடக்குது.

தம்பி, மண்டபத்தை விட்டுவிடுங்கள். பேட்டைக் காணி உற்பத்திக்கென்று சலுகை வாடகையில் தரப்படுகிறது. கல்யாண மண்டபம், கடைத் தொகுதி, குடியிருப்பு இதற்குள் வராது. அனுமதி கேட்டாலும் கிடைக்காது. கேட்காமல் கட்டினால் குத்தகையை முறிக்கக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அப்படி முறிக்கும்போது கட்டடத்துக்கு நட்டஈடு இல்லை என்ற வாசகம் பல உறுதிகளில் இருக்கிறது. உங்கள் உறுதியில் அந்தப் பந்தியைத் தேடிப் பாருங்கள்.

நெல் மூட்டை சற்றுச் சிக்கலானது. களஞ்சியம் மட்டும் என்றால் சபை பெரும்பாலும் அதை உற்பத்தியாகப் பார்க்காது. வேறு ஒருவருக்கு வாடகைக்குக் கொடுப்பது உபகுத்தகை, அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். உபகுத்தகைக்காரர் மூட்டை அடுக்கிய மறுநாள் களப் பரிசோதனை வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஆனால் உற்பத்தியிலிருந்து இன்னொரு உற்பத்திக்கு மாறுவது வேறு கதை. அதற்குக் கதவு திறந்திருக்கிறது. ஐஸை விட்டு மீன் பதனிடலோ கருவாட்டுப் பொதியிடலோ செய்யப் போகிறீர்கள் என்றால், பழைய திட்டம் ஏன் நின்றது என்று மின் பட்டியல்களோடு ஒரு பக்கமும், புதிய திட்டம் ஒரு சில பக்கமும் எழுதிக் கொடுங்கள். அதோடு சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் பாருங்கள். அந்த உரிமம் தொழிலுக்குத்தான், காணிக்கு அல்ல. ஐஸுக்கு எடுத்த உரிமத்தை வைத்து மீன் கழுவ முடியாது. கழுவிய நீர் வாவிப் பக்கம் போகிறதென்று அயலவர் ஒருவர் முறைப்பாடு எழுதினால், சபையின் சம்மதம் இருந்தும் வேலை நிற்கும். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே காலத்தில் போடுங்கள். ஒன்று முடிய மற்றது என்று இருந்தால் இழுபடும்.

பூட்டிக் கிடக்கிறது என்கிறீர்கள், அதுவும் எனக்குக் கவலைதான். உற்பத்தி நின்று நீண்ட காலம் மூடிக் கிடப்பதே பல உறுதிகளில் குத்தகை மீறல். ஆகவே இன்றைக்கே ஒரு கடிதம் போட்டு, தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறோம், மாற்றுத் திட்டம் தருகிறோம் என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

மகாஓயாப் பக்கமிருந்து: எங்கட அப்பாக்குப் பிரதேச செயலகத்தால பேர்மிட் குடுத்த வயல் காணி. அதையும் சபைட்ட கேட்டுத்தான் தம்பிக்கு மாத்த வேணுமா?

இல்லை, உங்களுடையது வேறு விடயம். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணி. பின்னுரித்தாளரை நியமிப்பதும் மாற்றுவதும் பிரதேச செயலகக் காணிப் பிரிவின் வேலை. மேலே நான் எழுதியதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: காணி எங்கள் கம்பனியின் பெயரில். கம்பனியின் பங்குகளை மட்டும் வாங்குபவருக்கு மாற்றினால் சபையிடம் போகவே தேவையில்லை என்று எங்கள் சட்டத்தரணி சொல்கிறார். குத்தகைகாரர் மாறவில்லையே?

சட்டத்தரணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பனி சட்டத்தின் முன் தனி ஆள், அதன் பங்கு கைமாறினாலும் குத்தகைகாரர் அதே கம்பனிதான். ஆனால் பங்குடைமையில் கட்டுப்பாடு மாறினால் அதுவும் கைமாற்றாகவே கருதப்படும் என்று உறுதியில் எழுதியிருந்தால், அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். பணிப்பாளர்கள் எல்லாரும் ஒரே நாளில் மாறியதைக் காட்டும் படிவம் கம்பனிப் பதிவாளரிடம் இருக்கும், சபை எடுத்துப் பார்க்கலாம்.

அதே ஆள்: எங்கள் உறுதியில் அப்படி ஒரு வாசகமும் இல்லை. பிறகு ஏன் போய்ச் சொல்ல வேண்டும்?

வாசகம் இல்லையென்றால் சட்டப்படி உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. நான் என்றால் அறிவித்துவிட்டுத்தான் செய்வேன். அடுத்த முறை வாடகை மீள்மதிப்பீட்டுக்கோ, குத்தகை நீடிப்புக்கோ, வங்கி ஈட்டுக்குச் சம்மதம் கேட்டோ அதே மேசைக்குத்தான் போக வேண்டும். உங்கள் சட்டத்தரணி இதை ஏற்க மாட்டார் என்று தெரியும். எங்கள் அலுவலகத்திலேயே இதில் இரண்டு கருத்து இருந்தது.

காத்தான்குடியிலிருந்து: வாப்பா மௌத்தாகி ஒரு வருசமாகுது. குத்தகை அவர்ட பேரில. நாங்க நாலு பிள்ளைகள், தொழிற்சாலையைப் பெரிய நானா நடத்துறார். கரண்ட் பில்லையும் நானாட பேருக்கு மாத்திட்டம். இனி என்ன செய்யணும்?

மின் பட்டியலில் பெயர் மாறியது மின்சாரக் கணக்குக்கு மட்டும்தான். குத்தகை இன்னும் வாப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. மரணச் சான்றிதழோடு சபைக்கு உடனே கடிதம் கொடுங்கள். குத்தகையில் பின்னுரித்தாளர் பற்றி ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதம் எடுக்க வேண்டி வரலாம். உங்களுக்குள் பங்கு எப்படிப் பிரிந்தாலும் பேட்டைக் காணியை நாலு துண்டாக்கச் சபை விடாது. நானாவின் பெயருக்கோ, நாலு பேரும் சேர்ந்த ஒரு கம்பனியின் பெயருக்கோ வரவேண்டும். மற்ற மூவரும் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். அதுவரை வாடகையை வாப்பாவின் பெயரிலேயே கட்டி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவணையும் தவறக் கூடாது.