சுழற்சி அணி: கேள்வி-பதில்

கேள்வி: என் சுழற்சி அணியின் அணிக்கோவை சரியாக 1 வருகிறது. ஆனாலும் உருவம் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கிறது. ஏன்?

அணிக்கோவை 1 என்றால் கன அளவு மாறவில்லை, அவ்வளவுதான். மூலைவிட்டத்தில் 2, 0.5, 1 என்று வைத்து மற்ற இடங்களில் சுழியம் போட்டுப் பாருங்கள். அணிக்கோவை 1தான், உருவமோ ஒரு திசையில் இரண்டு மடங்காக நீண்டு, இன்னொன்றில் பாதியாகச் சுருங்கும். நீளமும் கோணமும் மாறாமலிருக்க RᵀR = I வர வேண்டும். முதலில் அதைப் பாருங்கள், அணிக்கோவை பிறகு.

கேள்வி: அப்படியானால் RᵀR = I மட்டும் போதாதா?

போதாது. மூலைவிட்டத்தில் 1, 1, −1 உள்ள அணியும் அதில் தேறிவிடும். அது கண்ணாடி பிம்பம், சுழற்சி அல்ல. அணிக்கோவை −1 என்பதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அச்சு (1, 1, 1), கோணம் 120 பாகை. R = I + sinθ·K + (1 − cosθ)·K² என்ற சூத்திரத்தில் அப்படியே போட்டேன்; K என்பது அச்சோடு குறுக்குப் பெருக்கம் செய்யும் அணி. அச்சின் மேலுள்ள புள்ளி நகரவில்லை, ஆகவே அணி சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இதே தவறுதான். அச்சை அலகு வெக்டராக்காமல் இந்தச் சூத்திரத்தைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது!

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். sin 120° சுமார் 0.866, 1 − cos 120° = 1.5. (1, 1, 1)-ஐ அப்படியே வைத்தால் K-யின் முதல் நிரை (0, −1, 1), K²-இன் முதல் நிரை (−2, 1, 1). ஆக R-இன் முதல் நிரை (−2, 0.634, 2.366). அதன் நீளத்தின் வர்க்கம் 1 வர வேண்டிய இடத்தில் 10 வருகிறது. இரண்டாம் நிரை (2.366, −2, 0.634), இரண்டின் புள்ளிப் பெருக்கம் சுழியத்துக்குப் பதில் −4.5. அணிக்கோவை 14.5.

பிறகு ஏன் அச்சு நகரவில்லை? K-யை அச்சின் மேல் செலுத்தினால், அச்சின் நீளம் எதுவானாலும், சுழியம்தான். எஞ்சுவது I மட்டும். நீங்கள் நம்பிய சோதனைக்கு இந்தத் தவறைப் பிடிக்கும் திறனே கிடையாது. கெட்டுப்போவது அச்சுக்குச் செங்குத்தான தளம். அங்கே ஒவ்வொரு நீளமும் கிட்டத்தட்ட 3.8 மடங்காகிறது.

இப்போது அச்சை √3-ஆல் வகுத்துவிட்டுப் போடுங்கள். K 1.732-ஆல் வகுபடும், K² 3-ஆல் வகுபடும். மூலைவிட்ட உறுப்புகள் 1 − 1 = 0; மற்றவை 0.5 + 0.5 அல்லது 0.5 − 0.5. விடை:

```
0 0 1
1 0 0
0 1 0
```

x அச்சு y-க்கும், y அச்சு z-க்கும், z அச்சு x-க்கும் போகிறது. நிரைகளின் நீளம் 1, ஒன்றுக்கொன்று செங்குத்து, அணிக்கோவை 1. கனசதுரத்தை எதிரெதிர் முனைகளில் பிடித்து மூன்றில் ஒரு சுற்று திருப்பினால் நடப்பதும் இதுதான்.

கேள்வி: இரண்டு சோதனையிலும் தேறிவிட்டது, ஆனால் 90 பாகைக்குப் பதில் வேறு எங்கோ போய் நிற்கிறது.

நிரல் எந்த மொழியில் என்று எழுதவில்லை; இருந்தாலும் sin-க்குள் 90 என்றே போட்டிருப்பீர்கள். பெரும்பாலான மொழிகளில் அது ரேடியன். எந்தக் கோணத்துக்கும் sin² + cos² = 1 என்பதால் தவறான கோணமும் ஒழுங்கான சுழற்சியையே தரும்; சோதனைகள் வாய் திறக்காது. மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டுங்கள். அது 1 + 2cosθ ஆக வேண்டும். 90 பாகைக்கு 1; உங்களுக்குச் சுமார் 0.1 வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: எதிர்ப் பக்கமாகச் சுற்றுகிறது.

நிரை நிரல் மாறியிருக்கிறது. Rᵀ-யும் முறையான சுழற்சிதான், ஆனால் −θ-வுக்கு. z அச்சைச் சுற்றி 90 பாகை கொடுத்து (1, 0, 0)-ஐ நிரலாகப் பெருக்கினால் (0, 1, 0) வர வேண்டும்.

கேள்வி: RᵀR-இல் சுழியத்துக்குப் பதில் 0.0000000000000002 வருகிறது. பிழையா?

இல்லை, அது கணினியின் வட்டமாக்கல். சமமா என்று கேட்காதீர்கள், நெருக்கமா என்று கேளுங்கள்:

```python
np.allclose(R.T @ R, np.eye(3)) and np.linalg.det(R) > 0
```

ஆயிரக்கணக்கான சுழற்சிகளை அடுத்தடுத்துப் பெருக்கிக்கொண்டே போனால் அந்தத் துளிகள் சேர்ந்து வளரும். அவ்வப்போது முதல் நிரையை அலகாக்குங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதன் திசையிலுள்ள பங்கைக் கழித்து அதையும் அலகாக்குங்கள். மூன்றாவதை முதலாவது × இரண்டாவது என்ற வரிசையில் அவ்விரண்டின் குறுக்குப் பெருக்கமாகவே எழுதிவிடுங்கள். அப்போது அணிக்கோவை −1 ஆக வழியே இல்லை.