புராஸ்டேட் மாத்திரைக்குப் பிறகு விந்து எங்கே போகிறது?

"எனக்கு வயது 56. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஐந்து மாதமாகத் தினமும் சிலோடோசின் 8 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். சிறுநீர் இப்போது நன்றாகப் போகிறது. ஆனால் உறவின்போது உச்சம் வந்தும் விந்து ஒரு சொட்டுகூட வெளியே வருவதில்லை. அது உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகுமா? இது நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் சொல்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தன்னிடம் மூன்று மாத மருந்துக்குப் பணம் கட்டச் சொல்கிறார். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சரியாகிவிடுமா?"

முதலில், அந்த ஆளிடம் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி இல்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரை செய்கிற வேலை இது.

சிறுநீர்ப்பையின் வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதைச் சிறுநீர்ப்பைக் கழுத்து என்போம். உச்சத்தின்போது அது இறுக மூடிக்கொள்ளும். பின்பக்கக் கதவு மூடியிருப்பதால் விந்துக்கு முன்பக்கம் மட்டுமே வழி. வீங்கிய புராஸ்டேட் சிறுநீரைத் தடுக்கும்போது, இதே தசையைத் தளர்த்தத்தான் சிலோடோசின், டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கிறோம். தளர்ந்த கதவு உச்சத்தின்போதும் இறுகாது. அதனால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. உங்களுக்குச் சிறுநீர் நன்றாகப் போவதற்கும் விந்து வராததற்கும் காரணம் ஒன்றேதான்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. விந்துநாளமும் விந்துப்பையும் சுருங்கித்தான் விந்தை முன்னே தள்ள வேண்டும். அங்குள்ள தசையையும் இந்த மாத்திரை தளர்த்திவிடும். ஆகவே பலருக்கு விந்து பின்னால் போவதைவிட, புறப்படுவதே குறைந்துவிடுகிறது. உச்சத்துக்குப் பிறகான சிறுநீரைப் பரிசோதித்து "அணுக்கள் இல்லை" என்று அறிக்கை வந்தால் இடிந்துபோக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். விரைகள் தம் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கின்றன.

கெட்டுப்போகுமா என்று கேட்டீர்கள். கெடாது. சிறுநீர்ப்பைக்குள் போன விந்து அடுத்த முறை சிறுநீரோடு வெளியேறிவிடும். அந்த முதல் சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கலாம், அவ்வளவுதான். புறப்படாமல் தங்கும் அணுக்களை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். விறைப்பை உண்டாக்கும் வழி முற்றிலும் வேறு என்பதால் இது அதைத் தொடுவதில்லை. உச்சத்தின் இன்பமும் இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் மாறியதுபோல் தோன்றும். ஆனால் சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

இவ்வளவையும் மாத்திரை எழுதிய அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சிலோடோசினின் பக்கவிளைவுகளில் முதல் இடத்தில் இருப்பது இதுதான், எந்த மருத்துவருக்கும் தெரியும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது, அதில் இந்தப் பேச்சுதான் முதலில் வெட்டுப்படுகிறது. அறுவை சிகிச்சையிலும் இதே கதை. ஒப்புதல் படிவத்தில் எங்கோ ஒரு வரியில் இருக்கும், நோயாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். நாங்கள் விட்ட அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் உங்களிடம் பணம் கேட்கும் ஆட்கள் பிழைக்கிறார்கள்.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். அவருக்கு 61 வயது, டாம்சுலோசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் பிரச்சினைதான் அவருக்கும். "இந்த மாத்திரைதான் உன் வீரியத்தை உறிஞ்சுகிறது" என்று சொல்லி, அதை நிறுத்தச் செய்து ஒரு பொடியும் சில குளிகைகளும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் விந்து கொஞ்சம் வரத் தொடங்கியது. பொடியின் மகிமை என்று நம்பி இரண்டாவது தவணையும் கட்டிவிட்டார். உண்மையில் மாத்திரை நின்றதால் கதவு மறுபடி இறுகியிருந்தது, வேறொன்றும் இல்லை. மூன்றாவது வாரம் ஓர் இரவு சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு உப்பி, வலியில் துடித்தபடி வந்தார். குழாய் போட்டதும் 900 மில்லிலிட்டர் வடிந்தது. சாதாரணமாக 400 சேர்ந்தாலே நமக்கு இருப்புக்கொள்ளாது. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படி விற்கப்படும் "மூலிகை" வீரிய மருந்துகள் சிலவற்றில் சில்டெனாஃபில் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. புராஸ்டேட் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி, எழுந்து நிற்கும்போதே மயங்கி விழலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? விந்து வராதது மனதை உறுத்தவில்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம், மாத்திரையைத் தொடருங்கள். உறுத்துகிறது என்றால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய், "விந்து வருவதில்லை, மாற்ற முடியுமா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அல்ஃபுசோசின் அதே வகை மருந்துதான், இந்தத் தொல்லை அதில் மிகக் குறைவு. சிலோடோசினை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் விந்து திரும்பிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், மேலே சொன்னவருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

அறுவை சிகிச்சையால் இது சரியாகாது. சிறுநீர்க்குழாய் வழியாக உள்ளே போய்ப் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும்போது, அந்தக் கதவும் சேர்ந்து அறுபடுகிறது. அப்படிச் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்து வெளியே வருவது நின்றுவிடும். மாத்திரையால் வந்தது போகும், அறுவையால் வந்தது பெரும்பாலும் போகாது. தசையை இறுக்க எபிட்ரின் வகை மாத்திரைகள் உண்டு என்று யாராவது சொல்லலாம். தசையே இல்லாத இடத்தில் அவை எதை இறுக்கும்? புராஸ்டேட் இன்னும் வீங்கியிருப்பவர் அதைச் சாப்பிட்டால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் உங்கள் கடிதத்தில் குழந்தை பற்றிக் கேட்கவில்லை. ஆனால் தாமதமாகத் திருமணம் செய்தவர்கள், மறுமணம் செய்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு மட்டும் இது சின்ன விஷயம் இல்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். அறுவைக்கு முன்பு என்றால் விந்தை எடுத்து உறையவைத்துச் சேமிக்கலாம், அதைப் பற்றித் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். மாத்திரை என்றால் மருத்துவர் ஒப்புதலோடு மாற்றினாலே பெரும்பாலும் போதும். அறுவை முடிந்துவிட்டது என்றாலும் வழி அடைபடவில்லை. சிறுநீரின் அமிலம் அணுக்களைக் கொல்லும் என்பதால், முந்தைய இரவும் அன்று காலையும் சோடியம் பைகார்பனேட் கொடுத்து அமிலத்தைக் குறைப்பார்கள். முதலில் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, பிறகு உச்சம் அடைந்து, உடனே ஆய்வகம் தரும் கிண்ணத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும். அங்கே அதைச் சுழற்றி அணுக்களைப் பிரித்துக் கழுவி, கருப்பைக்குள் செலுத்தவோ சோதனைக்குழாய் முறைக்கோ பயன்படுத்துவார்கள். கிண்ணத்தை அரை மணி நேரம் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு எடுத்துப் போனால் பயனில்லை, ஆய்வகத்திலேயே எடுக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் பைகார்பனேட்டைத் தானாகச் சாப்பிடக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, விந்து வரவில்லை என்பதால் கருத்தரிக்காது என்று நம்பிவிடவும் வேண்டாம். உங்கள் மனைவிக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால், குழந்தை வேண்டாதபட்சத்தில் வழக்கமான கருத்தடையைத் தொடருங்கள். ஒருசில துளிகள் முன்பக்கமாகவும் வந்துவிடுவது உண்டு.