காலாங்கின் 11.04, பெங்களூரின் 10.92

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மார்ச்சில் சிங்கப்பூர் காலாங்கில் 100 மீட்டரை 11.04 வினாடியில் ஓடினான், காற்று -1.2. ஜூன் விடுமுறையில் பெங்களூரில் ஒரு போட்டியில் 10.92, காற்று +1.6. முதன்முறையாக 11-க்குள் வந்துவிட்டேன் என்று துள்ளிக் குதிக்கிறான். உண்மையில் எது நல்ல ஓட்டம்?

காலாங் ஓட்டம்தான். அதுவும் சுமார் பத்தில் ஒரு வினாடி வித்தியாசத்தில். 100 மீட்டரில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். தம்பியிடம் இதை இன்றே சொல்ல வேண்டாம், இரண்டு நாள் குதித்துக்கொள்ளட்டும்.

நான் இங்கே வார இறுதிகளில் கிளப் போட்டிகளுக்குத் தொண்டூழிய அதிகாரியாகப் போகிறவன். பெரும்பாலும் என் இடம் காற்றுமானிக்குப் பக்கத்தில்தான். அதனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதிலிருந்தே சொல்கிறேன்.

காற்றுமானி முதல் ஓடுதடத்தின் பக்கம், முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து பத்து வினாடிக்கு, ஓட்டத்தின் திசையில் வீசும் காற்றின் சராசரியை மட்டும் அது எடுக்கும். முதுகில் தள்ளினால் கூட்டல்குறி, முகத்தில் அடித்தால் கழித்தல்குறி. அளவு வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பதே. +2.0-க்கு மேல் போனால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. பெங்களூரின் +1.6 அந்த எல்லைக்குள் இருப்பதால் 10.92 சட்டப்படி செல்லும். ஆனால் "செல்லும்" என்பதற்கும் "காற்று உதவவில்லை" என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. உங்கள் கேள்வியே அந்த இடைவெளியில்தான் விழுகிறது.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வினாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறவனுக்கு அசையாத காற்றில் தடை 100 என்று வையுங்கள். 2 மீட்டர் எதிர்க்காற்று வந்தால் அவன் உடல் 12 மீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது, தடை 144. அதே 2 மீட்டர் பின்னாலிருந்து வந்தால் 8, தடை 64. அதாவது எதிர்க்காற்று 44 கூட்டுகிறது, பின்காற்று 36-தான் குறைக்கிறது. ஒரே அளவு காற்றானாலும் முகத்தில் அடித்தால் இழப்பது, முதுகில் தள்ளினால் கிடைப்பதைவிட அதிகம். "-1.2 என்ன பெரிய காற்று" என்று நாம் தள்ளிவிடக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

உயரத்தின் வேலை வேறு. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால் தடையும் குறையும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு வாங்குமே என்று கேட்பார்கள். 11 வினாடி ஓட்டத்தில் அது பொருட்டல்ல, தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் சக்தியில்தான் பெரும்பகுதி ஓடுகிறது.

இந்த இரண்டையும் ஒரே வரியில் அடக்கிய ஒரு சூத்திரத்தை இயற்பியலாளர் ஜோனஸ் முரைகா 2001-இல் வெளியிட்டார். விரிதாளில் A2-இல் நேரம், B2-இல் காற்று, C2-இல் உயரம் (மீட்டரில்) போட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள்:

```
=A2*(1.03-0.03*EXP(-0.000125*C2)*(1-B2*A2/100)^2)
```

கிடைப்பது, கடல்மட்டத்தில் காற்றே இல்லாமல் அவன் ஓடியிருந்தால் வந்திருக்கக்கூடிய நேரம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். 10.00, 2, 0 என்று கொடுத்தால் 10.11 வர வேண்டும். 10.00, -2, 0 என்று கொடுத்தால் 9.87. வராவிட்டால் பெரும்பாலும் அடைப்புக்குறி இடம் மாறியிருக்கும், அல்லது கழித்தல்குறியை ஒட்டும்போது அது வெறும் எழுத்தாகப் போயிருக்கும்.

இப்போது தம்பியின் எண்கள். காலாங்: 11.04, -1.2, உயரம் 0 என்றே வைக்கலாம். விடை 10.95. பெங்களூர்: 10.92, +1.6, 920. விடை 11.05. வரிசை தலைகீழாகிவிட்டது. காற்றில்லாத கடல்மட்டத்தில் 11-ஐ அவன் உடைத்த நாள் மார்ச்சில்தான்.

பெங்களூரில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்த்தால், உயரம் மட்டும் ஏறக்குறைய 0.04 வினாடி, காற்று மட்டும் 0.10. கூட்டினால் 0.14 வர வேண்டும், ஆனால் சூத்திரம் 0.13-தான் திருத்துகிறது. பிழையல்ல. மெலிந்த காற்றில் தடையே குறைவு, அதில் பின்காற்று நீக்குவதற்கு மிச்சம் இருப்பதும் குறைவு. அதனால் இரண்டு திருத்தங்களையும் தனித்தனியாகக் கண்டு கூட்டாதீர்கள், சேர்த்தே போடுங்கள்.

உயரம் என்றவுடன் நம் ஊர்க்காரர்களுக்கு குணாளன் நினைவுக்கு வருவார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 10.38, சிங்கப்பூர்ச் சாதனையாக 33 ஆண்டுகள் நின்றது. 2001-இல் கோலாலம்பூரில் யு.கே. ஷியாம் 10.37 ஓடி அதை நூறில் ஒரு வினாடியில் முறியடித்தார். மெக்சிகோ நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்றை ஒதுக்கிவிட்டு உயரத்துக்கு மட்டும் திருத்தினால் 10.38 என்பது 10.46 ஆகிறது. கோலாலம்பூருக்கு அந்தத் திருத்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏட்டில் ஒரே ஒரு நூறாவது பங்காகத் தெரியும் வித்தியாசம் உண்மையில் அதைப் போல பல மடங்கு. இதனால் குணாளனின் பெருமை குறையாது, ஷியாமின் ஓட்டம் நாம் நினைத்ததைவிட உயர்ந்தது, அவ்வளவே. திருத்திய நேரத்துக்கு எந்தச் சங்கத்திலும் அதிகாரம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தகுதி நேரத்துக்குத் தம்பி 10.92-ஐத்தான் எழுத வேண்டும்.

சரி, 10.95-க்கும் 11.05-க்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு நம்பலாம்? என் அனுபவத்தில் பலவீனமான கண்ணி சூத்திரம் அல்ல, காற்று எண்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளப் போட்டியில், பெயர் வேண்டாம், காலையில் ஏழு தகுதிச் சுற்றுகள் நடந்தன. தாளில் +1.3, +1.7 என்று நல்ல பின்காற்றாக வந்துகொண்டிருந்தது. ஓடியவர்களோ எல்லாரும் தங்கள் வழக்கமான நேரத்தைவிடப் பத்தில் ஒன்று, ஒன்றரை மெதுவாக வந்தார்கள். ஒருவர் இருவர் என்றால் உடம்பு சரியில்லை எனலாம், வரிசையாக எல்லாருமா? நான் எழுந்து நீளம் தாண்டும் குழிப் பக்கம் பார்த்தேன். அங்கே கட்டியிருந்த துணி நாடா தொடக்கக் கோட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. காற்றுமானியைத் திருப்பி வைத்திருந்தார்கள். +1.7 என்றது உண்மையில் -1.7. வைத்தவர் நான் இல்லை, ஆனால் ஏழு சுற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன் நான்தான்.

உலக அளவிலும் இது நடக்காத கதை அல்ல. 1988-இல் இண்டியானாபோலிஸில் ஃபிளாரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49 ஓடியபோது காற்றுமானி 0.0 காட்டியது. அதே நேரத்தில் அதே அரங்கில் நடந்த மும்முறைத் தாண்டலில் +4.3 பதிவானது. அந்த 10.49 இன்னும் உலகச் சாதனை. 0.0 என்று நம்பிக் காற்றுக்கு மட்டும் திருத்தினால் 10.49, 10.49-ஆகவே நிற்கும், சூத்திரத்துக்கு வேறு வழியில்லை. ஆகவே முடிவுத்தாளில் உங்கள் மகனின் வரியை மட்டும் பார்க்காதீர்கள். முன்னும் பின்னும் ஓடிய சுற்றுகளின் காற்று என்ன, அவற்றில் மற்றவர்கள் தங்கள் சொந்தச் சிறந்த நேரத்துக்கு எவ்வளவு அருகில் வந்தார்கள் என்று பாருங்கள். காற்று எண்ணும் கூட்டத்தின் நேரங்களும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். `NWI` என்று இருந்தால் காற்று அளக்கப்படவே இல்லை. அதை 0 என்று எடுத்துத் திருத்துவது ஏமாற்றிக்கொள்வது.

எண் சரியாக இருந்தாலும், ஓர் இடத்தில் நிற்கும் ஒரு கருவி நூறு மீட்டருக்கும் சாட்சி சொல்ல முடியாது. ஏழாம் தடத்தில் ஓடியவனுக்கு அடித்தது வேறாக இருக்கலாம், குறுக்குக் காற்று கணக்கிலேயே வராது. ஆகவே இரண்டு அளவிலும் 0.5 பிழை, இரண்டும் தம்பியின் பெங்களூர் ஓட்டத்துக்குச் சாதகமாக என்று வைத்துப் பார்த்தேன். காலாங்குக்கு -0.7 போட்டால் 10.99. பெங்களூருக்கு +1.1 போட்டால் 11.02. அப்போதும் காலாங்தான் முன்னால். அதனால்தான் முதல் வரியில் தயங்காமல் சொன்னேன். இந்தப் பிழை எதையும் வைக்காமலேயே, திருத்திய வித்தியாசம் 0.03 என்று வந்திருந்தால் "இரண்டும் ஒன்றே" என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்னொரு சிறு விஷயம். நம் புழுக்கத்தில் காற்று கனமாக இருப்பதாக எல்லாருக்கும் தோன்றும். நேர்மாறு. நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது, வெப்பமும் காற்றை விரியச் செய்யும். 31 பாகை செல்சியஸ் பகலில் சிங்கப்பூர்க் காற்று, கடல்மட்டத்துக்குப் பாடநூல் சொல்லும் அடர்த்தியைவிட ஆறேழு விழுக்காடு மெலிந்தது. சூத்திரம் உயரத்தை மட்டுமே கேட்பதால் இது அதற்குத் தெரியாது. ஆகவே நமக்கும் பெங்களூருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்த 0.04-ஐவிடச் சற்றுக் குறைவு. நூறில் ஒன்று அளவுதான், முடிவை மாற்றாது.

இதெல்லாம் மின்னணு நேரத்துக்கும் 100 மீட்டருக்கும் மட்டும். ஒரு போட்டி கைக்கடிகாரத்தில் என்றால் முதலில் 0.24 கூட்டுங்கள், அதன் பிறகும் நூறாவது பங்கைப் பேசாதீர்கள். பெண்களுக்கு அதே காற்று சற்று அதிகமாகவே உதவும்: +2.0-க்கு ஆண்களுக்கு 0.10 என்றால் பெண்களுக்கு 0.12 வரை. 200 மீட்டருக்கு இந்தச் சூத்திரத்தைப் போடவே வேண்டாம். அங்கே கருவி நேர்ப்பகுதியை மட்டும் அளக்கிறது, வளைவில் அதே காற்று அவனைப் பின்னால் தள்ளியதா, பக்கத்தில் அடித்ததா என்று தாளில் இருக்காது.

பெங்களூர்த் தாளின் மற்றச் சுற்றுகளின் காற்றையும் நேரங்களையும் கருத்துப் பகுதியில் போடுங்கள், அந்த +1.6 நிற்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.