நீ என்று கூப்பிடுவது யார்?

அன்புள்ள ஐயா,

ஒரு சிறுகதையை முழுக்க ‘நீ’ என்று முன்னிலையில் எழுதியிருக்கிறேன். வாசகரைக் கதைக்குள் நேராக இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். படித்த நண்பர்கள் நால்வருமே ஒட்டவில்லை என்கிறார்கள். ‘அவன்’ என்று மாற்றிவிடட்டுமா? இப்படிப்பட்ட கதைகளைப் பத்திரிகைகள் போடுமா? கதையை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

பத்திரிகை போடுமா என்பதைப் பத்திரிகைக்காரரிடம் கேளுங்கள். கதையை இரண்டு முறை படித்தேன். ‘பூட்டைத் திறக்கிறாய். சாவி ஒருமுறை சிக்கிக்கொள்கிறது.’ நல்ல தொடக்கம், நானும் சேர்ந்து சாவியைத் திருகினேன். நாலாவது வரியில் ‘உன் அண்ணனை நீ மன்னிக்கவே இல்லை’ என்கிறீர்கள். எனக்கு அண்ணனே கிடையாது. அங்கேயே கழன்றுகொண்டேன்.

‘நீ’ என்று வந்தால் வாசகர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தன்மேல் போட்டுப் பார்ப்பார். கை கால் செய்கிற காரியம் என்றால் தகராறு இல்லை, யார் கைக்கும் பொருந்தும். மனசையும் முன்கதையையும் அவர் தலையில் கட்டினால் ‘நான் அப்படி இல்லையே’ என்று எழுந்துவிடுவார். ‘அவன்’ என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வராது. எழுந்தவர் திரும்பி வரவேண்டுமானால், ‘இந்த நீ நான் இல்லை, வேறு யாரோ, அவனிடம் யாரோ பேசுகிறார்கள்’ என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த யாரோ யார்? நீங்கள் அதை யோசிக்கவே இல்லை. உங்கள் நண்பர்களுக்கு ஒட்டாமல் போனது அதனால்தான்.

1957இல் மிஷேல் புதோர் என்ற பிரெஞ்சுக்காரர் ‘லா மொதிஃபிகாசியோன்’ என்று ஒரு நாவல் எழுதினார். பாரிஸிலிருந்து ரோமுக்குப் போகும் ஒரு ரயில் பயணம்தான் கதை. பெட்டிக் கதவின் பித்தளைப் பள்ளத்தில் இடது கால், நகரும் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளப் பார்க்கும் வலது தோள், அப்படித்தான் தொடங்குகிறது. உங்களுக்கு நாற்பத்தைந்து வயது என்பதெல்லாம் அப்புறம்தான் வருகிறது. அதற்குள் நாம் ரயிலில் ஏறியாகிவிட்டது. மனைவியை விட்டுவிட்டு ரோமிலிருக்கும் காதலியைப் பாரிஸுக்கே கூட்டி வந்துவிடுவது என்று முடிவெடுத்துக் கிளம்பியவன், ரோம் வருவதற்குள் அந்த முடிவைக் கைவிடுகிறான். தனக்குள் நடக்கும் இந்த மாற்றத்தை அவனால் ‘நான்’ என்று சொல்ல முடியாது, அவனுக்கே இன்னும் தெரியாதே! அவன் கதையை அவனிடமே வேறொரு குரல் எடுத்து வைக்கிறது.

அந்தக் குரல் ‘நீ’ என்று கூப்பிடவில்லை, ‘நீங்கள்’ என்கிறது. பிரெஞ்சிலும் நம்மைப்போல இரண்டும் உண்டு. ஆங்கிலக் கதைகளைப் படித்துவிட்டு முன்னிலையில் எழுத வருகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’தான், மரியாதை தெரியாது. தமிழில் வாயைத் திறந்ததுமே உறவு தெரிந்துவிடும். அம்மா நீ என்பாள், சிநேகிதன் நீ என்பான், லத்தி வைத்திருக்கிறவரும் நீ என்பார், கண்ணாடி முன்னால் நின்று நம்மையே நாம் திட்டிக்கொள்வதும் நீ என்றுதான். இந்தப் பதிலை நான் ‘நீ’ என்று எழுதியிருந்தால் முதல் வரியிலேயே உங்களுக்கு முகம் சுருங்கியிருக்கும். உங்கள் கதையில் இரண்டாம் பக்கத்து நீ தன்னையே திட்டிக்கொள்கிறவனுடையது, நாலாம் பக்கத்தில் கடவுள் பேசுகிறார், கடைசியில் போலீஸ்காரர் வந்துவிடுகிறார். ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா! அப்புறம், ‘திறக்கிறாய்’ என்றாலே நீ வந்துவிட்டது. முதல் பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு ‘நீ’ எண்ணினேன். பாதிக்கு மேல் அடித்துவிடலாம்.

ஆற்றுப்படைகளை எடுத்துப் பாருங்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். கடற்கரையில் உலர்ந்த குழல்மீனின் சூட்டிறைச்சியை ‘வயின்வயின் பெறுகுவிர்’ என்கிறது சிறுபாணாற்றுப்படை. முன்னால் போய்ச் சாப்பிட்டு வந்தவன் சொல்கிறான், சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. நம்மிடம் அவன் பேசவே இல்லை, ஒட்டுக்கேட்கிற நமக்கும் பசிக்கிறது.

எனக்கு முதன்முதலில் முன்னிலையில் கதை சொன்னது ஆச்சி. “மூணு வயசுல நீ கழுநீர்த் தொட்டிக்குள்ள விழுந்துட்ட. தலைகீழா. தூக்கி வெளிய விட்டா அழவே இல்ல, மாடு எங்கன்னு கேக்க.” எனக்கு அது ஞாபகமே கிடையாது. ஆனால் ஆச்சி பார்த்தவள், நான் பார்க்காத என்னைப் பார்த்தவள். மறுத்துப் பேச என்ன இருக்கிறது? கேட்டுக் கேட்டு, புளித்த கழுநீர் வாடையும், மூக்கில் ஏறிய தவிடும், தொட்டியின் பாசி வழுக்கலும் எனக்கே வந்துவிட்டன.

ஆச்சி போய்ப் பல வருஷம் கழித்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். விழுந்தது நான் இல்லையாம், சித்தப்பா மகனாம். நான் அன்றைக்குத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

இருக்கட்டும். தவிடு இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.